மோர் மிளகாய் ஆஸ்திரேலியா போகாது

மன்னிக்கிற ரகம் இல்லை நான். கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது, கேன்டீனில் என் தட்டிலிருந்து ஒரு மெதுவடையை எடுத்துத் தின்றுவிட்டுச் சிரித்த சக ஊழியர் ஒருவரை, ஒன்பது வருஷம் காத்திருந்து பழிவாங்கினேன். அவருடைய பிரிவு உபசார விழாவில் மைக் என் கையில் இருந்தது. அவர் சாதனைகளை வரிசையாக வாசிக்கும்போது வடையையும் சேர்த்து வாசித்தேன். அவர் பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் தூக்கம் வராவிட்டால் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு, மெல்போர்னில் ஒரு வளைகாப்பைக் காப்பாற்றிய உத்தமன் என்று என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த பிறகு, எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு பட்சணக் கடையில் போய் உட்காருவது எனக்கு வழக்கமாயிற்று. சும்மா பட்சணக் கடை இல்லை. முறுக்கு, சீடை, அதிரசம், வடாம், பொடி வகைகள் எல்லாவற்றையும் காற்றில்லாமல் சீல் வைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, கூரியரில் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு அனுப்புகிற கடை. கேட்டால் புளி, அரிசி அப்பளம், ஏன், கண்ணாடி வளையல் கூட வாங்கிப் பெட்டியில் போடுவார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது. நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் கிடையாது. வாடிக்கையாளர் வாசலில் நின்றால் "சொல்லுங்க" என்பார், அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வராது.

வாய்தான் என்னிடம் இருக்கிறதே. முப்பது வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன். சாயந்திரங்களில் டவுன்ஷிப் விளையாட்டு விழா, பொங்கல் விழா எல்லாவற்றுக்கும் அறிவிப்பாளன். ஒருநாள் பொழுது போகாமல் அவர் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசிக் கொடுத்தேன். கடையிலிருந்து கிளம்பும் அட்டைப்பெட்டியே பேசுகிற மாதிரி. "வணக்கம் செல்லங்களா, பெட்டி மாமா பேசறேன். இங்க எனக்குள்ள எண்ணெய் வாசனை தாங்கல. என்னை எப்ப பிரிக்கப் போறீங்க?" அவர் அதை டல்லாஸில் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப, அவர் தங்கள் ஊர்த் தமிழ்க் குரூப்பில் போட, அடுத்த வாரமே "பெட்டி மாமா எங்கே" என்று கேள்வி வந்துவிட்டது.

அப்புறம் இரண்டு வருஷம் நான்தான் பெட்டி மாமா. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பேசுவேன். அமெரிக்காவுக்கு நம்ம காலை ஏழு மணிக்குப் போடுவோம். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்து போனை நோண்டுகிற நேரம். ஆஸ்திரேலியாவுக்கு மதியம் பன்னிரண்டுக்கு. அங்கே சாயந்திரம், சமைக்கச் சோம்பல்படுகிற நேரம். பல குரூப்புகளில் வாரத்தில் ஒருநாள்தான் விளம்பரம் போடவிடுவார்கள். எந்த ஊர் எந்தக் கிழமை என்று எனக்கு மனப்பாடம்.

அரை நிமிஷம் நாக்கில் எச்சில் ஊறப் பேசுவேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஆனா..." என்று ஆரம்பிப்பேன். அதில்தான் அந்த நாட்டுக்கு எது போகாது என்று சொல்வேன். பச்சைக் கறிவேப்பிலை கேட்காதீங்க, போகாது. ஆஸ்திரேலியாக்காரங்க பால்கோவா கேட்காதீங்க, பால் பொருள், போகாது. மோர் மிளகாயும் போகாது. காய்ந்து கருவாடு மாதிரி இருந்தாலும் அது தயிரில் ஊறினதுதானே. இதெல்லாம் ஒரு நோட்டில் நாடுவாரியாக எழுதி வைத்திருந்தேன். ஸ்டோர் கிளார்க் புத்தி. ஒவ்வொரு தடவை ஒரு பெட்டி எங்கோ மாட்டிக்கொண்டபோதும், மன்னார்புரத்தில் இருந்த கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டு, ஏன் என்று கேட்டு எழுதினது. கடையில் வேறு எங்கேயும் அந்த லிஸ்ட் கிடையாது. நான் "போகாது" என்று சொல்லிவிடுவதால் யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காததால் கடைக்காரர் தெரிந்துகொள்ளவும் இல்லை.

எனக்குச் சம்பளம், வாரம் ஒரு பை உடைந்த முறுக்கு. முழு முறுக்கு வெளிநாடு போகும், உடைந்தது எனக்கு. பல்செட் போட்டவனுக்கு அதுவே வசதி என்று கடைக்காரர் ஒருமுறை சொன்னார். அப்போது சிரித்தேன். பிறகுதான் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் டேப் ஒட்டிக்கொண்டே சொன்னார்.

"சார், இனிமே நீங்க வெயில்ல அலைய வேண்டாம்."

"ஏன், நீங்க வீட்டுக்கு வந்து ரெக்கார்ட் பண்ணப் போறீங்களா?"

"இல்ல சார். புத்தூர்ல ஒரு விளம்பர ஏஜென்சியப் பிடிச்சிருக்கேன். உங்க பழைய வாய்ஸ் எல்லாம் அவங்ககிட்ட குடுத்தேன். இப்ப கம்ப்யூட்டரே உங்கள மாதிரி பேசிடுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீங்க ஏதாவது சொல்வீங்கன்னுதான் சார்."

போனில் போட்டுக் காட்டினார். "வணக்கம் செல்லங்களா, பெட்டி மாமா பேசறேன்..." என் குரல்தான். ஆனால் நாற்பது வயசில் நான் தேன் குடித்துவிட்டுப் பேசின மாதிரி இருந்தது. பல்செட் கடகடப்பு இல்லை. மூச்சு வாங்கவில்லை. முறுக்கு, அதிரசம், பால்கோவா, மோர் மிளகாய், எந்த நாடானாலும் உங்கள் வாசலில் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டது.

"ஆனா எங்க?" என்றேன்.

"என்ன சார்?"

"நான் கடைசில செருமிட்டு சொல்வேனே, அது."

"அதை எடுத்துட்டாங்க சார். விளம்பரத்துல இல்ல, கிடையாது, போகாதுன்னு சொல்லக் கூடாதாம். எல்லா ஊருக்கும் இனிமே ஒரே வாய்ஸ்தான். ஈசி."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய என் நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியனுப்பும் மரியாதையாக ஒரு பெரிய பை உடைந்த முறுக்கு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். என் பகைக்கும் முறுக்குக்கும் சம்பந்தம் கிடையாது.

வீட்டில் அந்த மெசேஜை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள்.

"யாருங்க இது, பதவிசா பேசறாரு? அப்பவே இவரைப் பாத்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள்.

அதையும் கணக்கில் சேர்த்தேன்.

அப்புறம் நான் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். உலகத்தில் இதைவிடச் சுலபமான பழிவாங்கல் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மோர் மிளகாய் தானே பார்த்துக்கொள்ளும். அங்கே போய் இறங்கியதும் பெட்டியைத் திறப்பார்கள், பாக்கெட்டை எடுப்பார்கள், அழிப்பார்கள். அதுவரை பெட்டி அங்கேயே கிடக்கும். வாடிக்கையாளர்கள் குரூப்பில் கிழிப்பார்கள். கடைக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அப்போது என்ன சட்டை போட்டுக்கொள்வது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மெல்போர்னிலிருந்து போன். பேசினது அந்த ஊர்த் தமிழ்க் குரூப்பை நடத்துகிற பெண். புத்தூர்க்காரி. என்னை நேரில் பார்த்ததில்லை, ஆனால் உரிமையோடு திட்டுவாள்.

"மாமா, உங்க 'ஆனா' எங்க மாமா? இப்பல்லாம் செருமறதே இல்ல. தொண்டை சரியாயிடுச்சா?"

"கொஞ்சம் சரியாயிடுச்சும்மா" என்றேன்.

"சரி, ஒரு சந்தேகம். அடுத்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு தங்கச்சிக்கு வளைகாப்பு. அம்மா அப்பாவுக்கு விசா கிடைக்கல. யாரும் வரல. அதான் சீர் பட்சணம், கண்ணாடி வளையல் எல்லாம் உங்க கடையில ஒரே பெட்டியில போடச் சொல்லிட்டேன். அவ மோர் மிளகாய் வேணும், மோர் மிளகாய் வேணும்னு உயிரை எடுக்கறா. போன வருஷம் போகாதுன்னீங்க. இப்ப நீங்களே போகும்னு சொல்றீங்க. ரூல் மாறிடுச்சா மாமா?"

நோட்டில் ஆஸ்திரேலியாப் பக்கத்தைப் புரட்டினேன்.

"மாமா? நீங்க சொன்னீங்கன்னுதான் ரெண்டு பாக்கெட் சேத்துப் போடச் சொன்னேன். இன்னிக்குக் காலையில கூரியர்ல குடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்துது."

"பாத்து சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. சந்தோஷம். இதைவிடப் பெரிய அடி கடைக்காரருக்கு விழாது. குரூப்பை நடத்துகிறவளுடைய வீட்டு விசேஷம். வளையல் இல்லாத வளைகாப்பு. அந்தக் கண்டத்திலேயே அவர் ஒரு சீடை விற்க முடியாது. ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்தேன். ரசித்துக் குடித்தேன்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏங்க, பெட்டி மாட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு யாரைத் திட்டுவா?"

"கடைக்காரரைத்தான்."

"கடைக்காரரை அவளுக்குத் தெரியுமா? அவர் குரலை அவ கேட்டிருக்காளா?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மோர் மிளகாய் போகும்னு அவகிட்ட சொன்னது யாரு? பெட்டி மாமா. பேசினது உங்க குரல். நீங்க வாய மூடிட்டு உக்காந்திருந்தது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிஞ்சா இன்னும் நல்லா இருக்கும்."

என் பழிவாங்கலில் இருந்த ஓட்டை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் குறிபார்த்து வைத்த குண்டு என் பல்செட்டைத்தான் தட்டப் போகிறது. அந்தத் தங்கச்சி வெறுங்கையோடு மணையில் உட்கார்ந்திருக்கிற காட்சியும் கொஞ்சம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்கூட்டரை உதைக்க வைத்தது அந்தக் காட்சி இல்லை. "பெட்டி மாமா பொய் சொல்லிட்டார்" என்று ஒரு குரூப்பே சொல்லப்போகிறதே, அதுதான்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி மன்னார்புரம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. கூரியர் ஆபீஸ் கவுன்டரில் இருந்த அம்மாவுக்கு என் குரல் போனில் பழக்கம். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"பெட்டி இங்கதான் சார் இருக்கு. நாலு மணிக்கு வண்டி. ஆனா நீங்க தொட முடியாது. அனுப்பினவர் ஆதார் காப்பி குடுத்து, கையெழுத்துப் போட்டு புக் பண்ணினது. அவர் வந்தாத்தான் திறக்கலாம்."

"பெட்டிக்குள்ள என்னன்னு எழுதியிருக்கு?"

லிஸ்டைப் பார்த்தார். "முறுக்கு, அதிரசம், சீடை, மிளகாய் வற்றல், கண்ணாடி வளையல்."

"அது வெறும் வற்றல் இல்லம்மா. மோர் மிளகாய்."

"அய்யய்ய, அப்படின்னா அப்படி எழுதணும்ல? பால் சம்பந்தப்பட்டதுன்னு தெரிஞ்சா ஆஸ்திரேலியாவுக்கு நாங்க எடுக்கவே மாட்டோம்."

கடைக்காரர் வேண்டுமென்று செய்தது இல்லை என்று எனக்குத் தெரியும். கடையில் மோர் மிளகாய் டப்பாவின் மேலேயே "வற்றல்" என்றுதான் ஒட்டியிருக்கும். சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய், எல்லாம் அவருக்கு வற்றல்தான். பொரித்தால் எல்லாம் கறுப்பு.

அவருக்குப் போன் போட்டேன். "உங்க ஆஸ்திரேலியாப் பெட்டியில போகக் கூடாதது இருக்கு. நாலு மணிக்குள்ள வாங்க" என்று மட்டும் சொன்னேன். எது என்று சொல்லவில்லை. கேட்டார். "வாங்க" என்றேன்.

இரண்டரைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோசித்து வைத்திருந்த சட்டை போட மறந்துவிட்டேன் என்பது மட்டும்தான் குறை.

"சார், எது சார் போகாது?"

"ஒரே பெட்டிதானா?"

"ஆஸ்திரேலியாவுக்கு மூணு பெட்டி சார்."

"நல்லது. மூணுலயும் என்ன எடுக்கணும்னு இந்த நோட்டுல இருக்கு. முதல்ல உங்க போனை எடுங்க. ரெக்கார்ட் பண்ணுங்க."

"நீங்க பேசறீங்களா சார்?" கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நான் அந்த ஏஜென்சியை இன்னிக்கே..."

"நான் பேசலை. நீங்க பேசறீங்க. உங்க குரல்ல. நீங்க யாரு, பெட்டி மாமா குரல்ல வந்தது பெட்டி மாமா பேசினது இல்ல, அவரைக் கேக்காம பண்ணினது, அதுல சொன்னது தப்பு. அப்புறம் எது போகாதுன்னு நான் ஒவ்வொண்ணா சொல்றேன், நீங்க சொல்லுங்க. எல்லா குரூப்புக்கும் போகணும். அது போனதும் பெட்டியத் திறக்கலாம்."

"சார், எனக்குப் பேச வராது சார்."

"தெரியும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது எனக்கிருந்த நிம்மதியை மெதுவடை விஷயத்தில்கூட அனுபவித்ததில்லை.

முதல் தடவை "வணக்கம். நான் கடை" என்று சொல்லி நிறுத்திவிட்டார். இரண்டாவது தடவை தன் கடைப் பெயரையே மறந்தார். மூன்றாவது தடவை நன்றாகத்தான் போனது; நான்தான் "சத்தம் பத்தலை" என்று நிறுத்தினேன். பார்சல் போட வந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவுன்டர் அம்மா பொறுக்கமுடியாமல் சொன்னார்.

"சார், மணி மூணேகாலு. உங்க ரெண்டு பேர் சண்டையில அந்தப் பொண்ணோட வளையலை இங்கயே மாட்டிடாதீங்க."

நான்காவது தடவை முடித்தார். வேர்த்துக் கொட்டியது. நடுவில் ஒரு செருமல் செருமினார். "...மோர் மிளகாய் ஆஸ்திரேலியா போகாது. தெரியாம சொல்லிட்டோம். மன்னிச்சுக்குங்க. பெட்டி மாமாகிட்டயும் நாங்க கேக்கலை. அது எங்க தப்பு." என் கண் முன்னாலேயே ஒவ்வொரு குரூப்பாக அனுப்பினார். அனுப்பியதற்கு அடையாளமாக டிக் விழுகிற வரை பார்த்தேன்.

அப்புறம்தான் பெட்டிகளைத் திறந்தோம். இரண்டில் மோர் மிளகாய் இருந்தது. மூன்றாவதில் அடியில் பால்கோவா. 'இனிப்பு' என்று எழுதியிருந்தது. கவுன்டர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எடுத்தோம், லிஸ்டைத் திருத்தினோம், கடைக்காரர் மறுபடி கையெழுத்துப் போட்டார். வளையல் டப்பாவைச் சுற்றி இரண்டு பாக்கெட் சீடையை நானே அடைகொடுத்து வைத்தேன். டேப்பை அவர் ஒட்டும்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் உதவியாக எதுவும் செய்ததாக நினைவில்லை. நாலு மணி வண்டி நாலரைக்குத்தான் வந்தது. எடுத்த பால்கோவாவை வாசலில் நின்று நாங்கள் மூன்று பேரும் தின்றோம்.

அன்று சாயந்திரம் மெல்போர்ன் பெண்ணின் மெசேஜுக்காகக் காத்திருந்தேன். கடைக்காரரைக் கிழிகிழி என்று கிழித்திருப்பாள், உட்கார்ந்து ரசிக்கலாம் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தேன். மெசேஜ் வந்தது.

"மாமா, நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கடைக்காரர் யாரு மாமா? பாவம், எவ்வளவு வெள்ளந்தியா பேசறார். குரூப்ல எல்லாரும் உருகிட்டாங்க. வாராவாரம் அவரே பேசட்டும்னு சொல்றாங்க. பெட்டி சித்தப்பான்னு பேரே வெச்சாச்சு."

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை மனைவி வாங்கிப் படித்து, எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அதுதான் அதிகம் வலித்தது.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் பெட்டி போய்ச் சேர்ந்தது. போட்டோ அனுப்பினாள். அந்தத் தங்கச்சிக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். ஒன்றுகூட உடையவில்லையாம். மோர் மிளகாய்க்கு மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தாள்.

கம்ப்யூட்டர் குரலை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் என்னை மறுபடி பேசக் கூப்பிட்டார், மாட்டேன் என்றேன். இப்போது வாராவாரம் பெட்டி சித்தப்பாதான் பேசுகிறார், திக்கித் திணறி. வியாபாரம் அமோகமாக நடக்கிறதாம். அவருக்கு வேண்டியது என் நோட்டு. ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன் சார், ஒரே நிமிஷம் சார் என்று மூன்று முறை கேட்டுவிட்டார். நோட்டைக் கொடுக்கவில்லை. விதி அப்பப்ப மாறும், ஒவ்வொரு வாரமும் கேட்டுத்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டேன். அதில் பாதி உண்மை.

அதனால் வாராவாரம் வெள்ளிக்கிழமை காலை அவர் எனக்குப் போன் செய்தாக வேண்டும். அவர் நம்பருக்கு மட்டும் தனி ரிங்டோன் வைத்திருக்கிறேன். மன்னார்புரத்தில் பதிவானது. போன் அடித்ததும் வீடு முழுக்க அவர் குரல் கேட்கும்: "வணக்கம். நான்... மோர் மிளகாய் ஆஸ்திரேலியா போகாது. தெரியாம சொல்லிட்டோம். மன்னிச்சுக்குங்க..."

"எடுங்களேன், பாவம்" என்பாள் மனைவி.

"அது எங்க தப்பு" என்று அவர் சொல்கிற இடம் கடைசியில்தான் வரும். அது வரட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். வந்ததும் எடுப்பேன்.